நாலாவது சுரம்

இந்தச் சேருக்கு யாராச்சும் வர்றாங்களா சார்? இல்லையே? அப்ப உக்காந்துக்கறேன். முதல்ல அந்த ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்துல உக்காந்திருந்தேன், காதுக்குள்ள இடி விழுந்த மாதிரி இருந்துச்சு. சரின்னு ஃபேனுக்கு நேர் கீழ போனேன். காத்து நல்லா வருது, ஆனா பாட்டையும் சேத்து அடிச்சுக்கிட்டுப் போயிடுது. இங்கதான் சரியா இருக்கும். மேடையும் நேரா தெரியுது.

நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா? சரி விடுங்க, நாளைக்குக் காலைல தாலி ஏறிட்டா ரெண்டும் ஒண்ணுதானே. நான் ரெண்டு வீடும் இல்ல. நான் கச்சேரி வீடு. அங்க மேடைல, மயில்கழுத்துக் கலர் புடவை கட்டிக்கிட்டு ஃபிளாஸ்க்லேருந்து வெந்நீர் ஊத்திக் குடிக்குது பாருங்க, அது என் சம்சாரம். வசுமதி. திருச்சி, கரூர், புதுக்கோட்டைனு எந்த ஊர்ல கேட்டாலும் தெரியும். நான் கோதண்டம். கீபோர்டு கோதண்டம்னாத்தான் தெரியும்.

அப்ப ஏன் மேடைல இல்லாம இங்க உக்காந்திருக்கேன்னுதானே கேக்க வர்றீங்க? சொல்றேன். அதைச் சொல்லத்தான் வாய் துடிக்குது. இன்னும் சவுண்டு செக்கே முடியல, நேரம் இருக்கு.

வசு என்னை விட்டுட்டு மணப்பாறைல அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. சண்டைன்னு சொல்ல முடியாது. நான் ஒரு வார்த்தை கடிஞ்சு சொன்னது கிடையாது. நான் பேசுவேன், நிறையப் பேசுவேன், அது வேற. கை நீட்டினதில்ல, குடிச்சதில்ல. தினம் போன் போட்டேன். எடுத்தா, ‘ம்’னா, வச்சா. முந்தாநேத்து அவளே போட்டா. என்ன சொன்னா தெரியுமா? ‘சனிக்கிழமை ரிசப்ஷன்ல பாடறேன். வந்து நம்ம பாட்டை ஒரு தடவை கேளுங்க. முழுசா கேளுங்க. நடுவுல பேசாம கேளுங்க. அப்புறம் நான் வீட்டுக்கு வர்றதைப் பத்திப் பேசலாம்’னா. அவ்வளவுதான். ஒரு பாட்டு. அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு உக்காரணும். இது ஒரு பெரிய விஷயமா சார்? அதான் வேட்டியெல்லாம் இஸ்திரி போட்டுக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். வீட்ல பாலும் வாங்கி வச்சிருக்கேன், ராத்திரி வந்தா காபி கேப்பா.

கையப் பாத்தீங்களா, சும்மா இருக்க மாட்டேங்குது. வந்ததுலேருந்து இப்படித்தான்.

நம்ம பாட்டுன்னு சொன்னேன்ல, அது சினிமாப் பாட்டு இல்ல. எங்க சொந்தப் பாட்டு. மெட்டுப் போட்டது காதர் பாய். அதோ தபலாவத் தட்டித் தட்டிச் சுருதி பாத்துக்கிட்டிருக்காரே, அவர்தான். கோஷ்டியும் அவருதுதான். எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பாட்டுலதான் கச்சேரி ஆரம்பிக்கும். ‘தூரத்துல வந்த மழை, மெல்ல வாசல் தொட’ன்னு வரும். வார்த்தை ஒண்ணும் பிரமாதம் இல்ல, மழை வர்றதைப் பத்திதான். ஆனா ஜனங்க உக்காந்திடும். எதனாலன்னு நினைக்கிறீங்க? முன்னால வர்ற என் கீபோர்டுனால.

உங்களுக்குச் சங்கீதம் தெரியுமா? தெரியாட்டிப் பரவால்ல, சுலபம்தான். இந்தப் பாட்டு எடுத்த உடனே தாளத்துல ஆரம்பிக்காது. முதல்ல நான் மட்டும் வாசிப்பேன். தபலா கிடையாது, டிரம் பேட் கிடையாது. இடது கையால வயலின் சத்தத்துல ஒரே சுரத்தைப் பிடிச்சு நிறுத்திட்டு, வலது கையால புல்லாங்குழல் சத்தத்துல இழுத்து இழுத்து வாசிக்கணும். அதுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்றதெல்லாம் இல்ல. ஒரு சுரத்துல நிக்கணும்னா நிக்கலாம், ஓடணும்னா ஓடலாம். நம்ம மூச்சுதான் கணக்கு. யாரும் கேக்க முடியாது. அந்த நேரத்துல மேடைக்கே நான்தான் ராஜா.

ஆனா எங்கயாவது முடிக்கணும்ல? பாடறவ அங்க மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அவ எப்ப உள்ள வர்றது, எந்த வேகத்துல வர்றதுன்னு அவளுக்குத் தெரியணும். அதுக்கு ஒரு வழி வச்சிருக்கோம். மேலேருந்து இறங்கி ‘ஸ’வுல வந்து உக்காருவேன். கொஞ்சம் நிறுத்துவேன். அப்புறம் கீழ்ஸ்தாயில நாலு சுரம், டிங், டிங், டிங், டிங். அது இழுவை இல்ல, தாளம். பாட்டு என்ன வேகமோ அதே வேகம். அந்த நாலு சுரத்துலதான் எல்லாருக்கும் நடை தெரியும். நாலு முடிஞ்ச உடனே காதர் பாய் முதல் அடியைப் போடுவாரு. வசு அந்த அடியில வரமாட்டா. அரை அடி தள்ளித்தான் ‘தூ’ன்னு எடுப்பா. அந்த அரை அடிலதான் பாட்டோட அழகே இருக்கு. அடியிலயே எடுத்தா மார்ச் பாஸ்ட் மாதிரி ஆயிடும். அவ மூச்சை எப்ப இழுப்பான்னா, மூணாவது சுரத்துல. நாலாவதுல நெஞ்சு நிறைஞ்சிருக்கும். அடி விழும், அரை இடம் விடும், பாட்டு வந்துடும். அதுக்கப்புறம் தாளம் கல்லு மாதிரி நிக்கும், கடைசி வரைக்கும் அசையாது.

பாருங்க, எவ்வளவு அழகா அமைச்சிருக்கோம். எல்லாம் என் நாலு சுரத்துல.

ஆரம்பத்துல என் வாசிப்பு சின்னதுதான். போன தைமாசம் ஒரு கோயில் கச்சேரில கொஞ்சம் நீட்டினேன். கை தட்டினாங்க. அடுத்த ஊர்ல இன்னும் கொஞ்சம். அங்கயும் தட்டினாங்க. தட்டுனா விட மனசு வருமா சார்? நீங்களே சொல்லுங்க. வசு ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னா, ‘ரொம்ப நேரம் நிக்க வேண்டியிருக்குங்க, சுருதியை மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டே நிக்கறது தொண்டையக் காய வைக்குது’ன்னு. நான் சொன்னேன், உனக்கு முன்னால ரத்தினக் கம்பளம் விரிக்கிறேன்டி, விரிச்சு முடிக்கிறதுக்குள்ள காலைத் தூக்குறியேன்னேன். அவ சாம்பாரை ஊத்தினா.

மாசி பங்குனில ஒரு புது வித்தை பிடிச்சேன். கேளுங்க, இது உங்களுக்குப் பிடிக்கும். ‘ஸ’வுல வந்து உக்காருவேன். ஜனம் முடிஞ்சதுன்னு நினைக்கும். டிங், டிங், டிங். மூணு. நாலாவதை விழுங்கிட்டு, சர்ர்ருன்னு மேல ஏறிடுவேன். மறுபடி இழுவைக்குப் போயிடுவேன். கூட்டம் ‘ஓ’ன்னு சத்தம் போடும். காதர் பாய் தூக்கின கையத் தொங்க விட்டுட்டு முழிப்பாரு. அதைப் பாத்து இன்னும் சிரிப்பாங்க. ஒவ்வொரு ஊர்லயும் வேற வேற இடத்துல செய்வேன். எப்ப நிஜமா முடிப்பான்னு யாருக்கும் தெரியாது. அதுதானே சுவாரசியம்.

வசு மூணாவதுல மூச்சு இழுப்பாள்னு சொன்னேன்ல? இழுத்த மூச்சை விட்டுட்டு மறுபடி நிப்பா. கஷ்டம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா தொழில்ல இதெல்லாம் சகஜம். நாம மனசு போல வாசிக்கறவங்க, அவங்கதான் நம்மளப் பாத்துப் பாடணும்.

முசிறில என்ன ஆச்சுன்னா, நான் மூணு அடிச்சு மேல ஏறிட்டேன், அவ காத்திருக்கல. உள்ள வந்துட்டா. தபலா இல்ல, ஒண்ணுமில்ல, நட்டநடு மைதானத்துல அவ குரல் மட்டும் ‘தூரத்துல’ன்னு தனியா நிக்குது. நான் அங்க மேல்ஸ்தாயில பறந்துக்கிட்டிருக்கேன். அவ பாதி வார்த்தையில நிறுத்திட்டா. எனக்கும் பக்குன்னு ஆயிடுச்சு சார், அவளை எப்படியாவது காப்பாத்தணுமேன்னு. பக்கத்துல இருந்த மைக்கை இழுத்து, ‘அம்மா அடுப்புல பால வச்சுட்டு வந்துட்டாங்க போலிருக்கு, அதான் அவசரம்’னேன். சிரிப்புன்னா சிரிப்பு, பந்தல் ஆடிப்போச்சு. நிலைமையச் சமாளிச்சேனா இல்லையா? வேற ஒருத்தனா இருந்தா அசடு வழிஞ்சிருப்பான்.

அன்னைக்கு வேன்ல வரும்போது அவ ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தா. தூங்குறாள்னு நினைச்சேன். நான் பாட்டுக்கு அந்தக் கைதட்டலைப் பத்திப் பேசிக்கிட்டே வந்தேன்.

அடுத்தது குளித்தலை. அங்கதான் சார் எனக்கு அநியாயம் நடந்தது. அங்க நல்லபடியா வாசிச்சேன். ஒரே ஒரு தடவைதான் ஏமாத்தினேன், ஏமாத்தினேன்னா விளையாட்டு. அப்புறம் நிஜமாவே முடிச்சேன். ‘ஸ’வுல உக்காந்து, நாலு சுரமும் அட்சர சுத்தமா குடுத்தேன். காதர் பாய் அடி போட்டாரு. அரை இடம் போச்சு. இவ வரல. நாலு அடியும் முடிஞ்சு அடுத்த சுத்து வந்துச்சு. அப்பவும் வரல. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா. சரி, மறந்துட்டாள்னு தபலாவை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிட்டு, மறுபடி கொஞ்சம் இழுத்து, மறுபடி நாலு சுரம் குடுத்தேன். அப்பவும் வாயத் திறக்கல. கூட்டத்துல விசிலடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் மெதுவா மைக்கை வாய்க்குக் கிட்ட கொண்டு போனா. அப்பாடா, பாடப்போறாள்னு பாத்தா, ‘முடிச்சிட்டீங்களா?’ன்னு கேட்டா. மைக்ல. அத்தனை ஜனத்துக்கும் கேக்குற மாதிரி.

சிரிச்சாங்க சார். முசிறில சிரிச்சதைவிட அதிகம். ஆனா இது வேற சிரிப்பு.

பின்னாடி வந்து, ஏண்டி இப்படிப் பண்ணினே, நாலு சுரம் குடுத்தேனேன்னு கேட்டேன். சத்தம் போடாமத்தான் சொன்னா. ‘குடுத்தீங்க. ஆனா நாலாவது வருமா வராதான்னு பயந்துக்கிட்டே ஒவ்வொரு ஊர்லயும் மூச்சு இழுக்க என்னால முடியாது. வந்த பிறகும் நம்ப முடியலங்க’ன்னா. அவ்வளவுதான் சொன்னா. மறுநாள் பையை எடுத்துக்கிட்டு மணப்பாறை பஸ் ஏறிட்டா. காதர் பாய் என்கிட்ட, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கன்னாரு. ஓய்வு. எனக்கு என்ன உடம்புக்கா முடியல?

நம்ப முடியலன்னா என்ன சார் அர்த்தம்? கல்யாணம் ஆன நாள்லேருந்து அவளுக்காக எல்லாத்தையும் நான்தான் பேசறேன். யாரு என்ன கேட்டாலும் அவ வாயத் திறக்கறதுக்குள்ள நான் பதில் சொல்லிடுவேன், அவளுக்குச் சிரமம் வேண்டாம்னு. டாக்டர் எங்க வலிக்குதுன்னு கேட்டா கூட நான்தான் சொல்வேன். அவ்வளவு பாத்துக்கிட்டேன்.

இருங்க இருங்க, ஏதோ சொல்ல வந்தீங்க, அப்புறம் சொல்லுங்க. லைட்டு மாத்துறாங்க. ஆரம்பிக்கப் போறாங்க.

கீபோர்டுல உக்காந்திருக்கறது பிரிசில்லா. என் இடத்துக்கு வந்திருக்கற பொண்ணு. சர்ச்ல வாசிச்சுக்கிட்டிருந்ததாம். நல்ல பொண்ணுதான், குறை சொல்லல. ஆனா அனுபவம் வேணும்ல? பாருங்க, எவ்வளவு பயம் அதுக்கு. கீபோர்டு கட்டையைப் பாக்காம வசுவையே பாக்குது.

சரி. நான் பேசமாட்டேன் இனிமே. கேக்கணும். நீங்களும் கேளுங்க.

ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். இப்ப பிடிச்சுக்கிட்டிருக்கு பாருங்க, அடியில ஒரு சத்தம், அதான் நான் சொன்ன இடது கை. மேல இப்ப கொஞ்சம் சுரம், நிறுத்திட்டா. மறுபடி ரெண்டு, நிறுத்திட்டா. இது என்ன வாசிப்பு, சொட்டு சொட்டா. நடுவுல இவ்வளவு இடம் விட்டா ஜனம் எழுந்து பந்திக்குப் போயிடும். போகலையா? பொறுங்க, போவாங்க. ‘ஸ’வுல உக்காந்துட்டா. அதுக்குள்ளயா? என்ன சார் இது, நான் இந்த நேரத்துக்கு முதல் தடவை மேல ஏறவே ஆரம்பிச்சிருக்க மாட்டேன்.

இப்ப அந்த நாலு சுரம் வரும் பாருங்க.

வரல. குடுக்கல சார். கையக் கீபோர்டுலேருந்து எடுத்து மடியில வச்சுக்கிச்சு. அடியில அந்தச் சத்தம் மட்டும் கால் பெடல்ல நிக்குது. தப்பு பண்ணிட்டா. தாளமே குடுக்காம எப்படி வருவா? பாவம் வசு, எதைப் பிடிச்சுக்கிட்டு...

மூச்சு இழுக்கிறா.

பாடிட்டா. ‘தூரத்துல’ன்னு. கேட்டீங்களா, அடியே இல்லாம, முதல் அடியைத் தனக்குள்ளயே வச்சுக்கிட்டு, அரை இடம் தள்ளி அவளா எடுத்துட்டா. காதர் பாய் அவ வாயையே பாத்துக்கிட்டு, அந்தச் சுத்து முழுக்க விட்டுட்டு, அடுத்த சுத்தோட முதல் அடியில கை வச்சாரு. சரியா விழுந்துச்சு. பேட்காரனும் சேந்துட்டான். இப்ப எல்லாரும் அவ வேகத்துல போறாங்க.

ஆனா வேகம் ரொம்பக் கம்மி. நீங்க கவனிச்சீங்களா? நான் குடுக்கறது இப்படி, என் கையைப் பாருங்க, முட்டியில தட்டறேன் பாருங்க, இதுதான் வேகம். இதுல பாதியை விடக் கொஞ்சம்தான் கூட இருக்கும் இவ பாடறது. என் தட்டு முன்னாடி ஓடிடுது. சரிப்படல. நடுவுல பாருங்க, தானா ஓட ஆரம்பிக்கும். இழுவையா எடுத்தா கடைசில ஓடத்தான் செய்யும். சரணத்துல ஓடும்.

‘மெல்ல மெல்ல.’

இந்த வார்த்தை ரெண்டு தடவை வருதா சார்? நான் வாசிக்கும்போது ஒரு தடவைதான் காதுல விழும். ரெண்டாவது ‘மெல்ல’யை அவ இறக்கிப் பாடறா. வீட்ல பாத்திரம் தேய்க்கும்போது இப்படித்தான் பாடுவா, நான் பக்கத்து ரூம்லேருந்து, ஏண்டி தூங்கி வழியறேன்னு கேப்பேன். எனக்கு இங்க ஏதோ பண்ணுது சார், நெஞ்சுல. சாப்பிடாம வந்தது.

அந்த முன் வரிசை அம்மா எதுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க? அவங்களுக்கு வேண்டியவங்க யாராவது நம்ம பின்னாடி இருக்காங்களோ என்னவோ.

சரணம் வந்தாச்சு. ஓடலையே. அதே நடை. பரவால்ல, காதர் பாய் இழுத்துப் பிடிச்சுட்டாரு போல. நான் இருந்தா இந்த இடத்துல கீபோர்டுல ஒரு துணுக்கு போடுவேன். அவ ரெண்டு வரிக்கு நடுவுல மூச்சு விடறா பாருங்க, அந்த இடைவெளியில. சும்மா விடவே மாட்டேன். இந்தப் பொண்ணு சும்மா விடுது. அந்த இடம் காலியா கிடக்குது. காலியா கிடந்தாலும் கெட்டுப் போகல, அது வேற விஷயம். எல்லாரும் எப்படி உக்காந்திருக்காங்க பாருங்க, சாப்பிட எழுந்தவங்க கூட வாசல்ல நிக்கிறாங்க. மாப்பிள்ளையும் பொண்ணும் போட்டோக்குச் சிரிக்க மறந்துட்டாங்க. வசுவுக்கு இப்படி ஒரு கூட்டம் நான் பாத்ததில்ல. கூட்டம் எல்லாம் எனக்குத்தான் இருந்துச்சோ என்னவோ. இல்ல, இது ஊரைப் பொறுத்தது. இந்த ஊர் ஜனம் நல்ல ஜனம். இங்க நான் வாசிச்சிருந்தா இன்னும்...

என்ன, கை தட்டறாங்க. முடிஞ்சிடுச்சா?

கடைசி வரி பாடினாளா? சரி, பாடியிருப்பா. நான் இங்கதானே இருந்தேன். முழுசும் கேட்டேன். எழுந்திருக்கல, போன் பாக்கல. அந்த இடம், இந்த இடம்னு ஒவ்வொண்ணும் கேட்டேன், இல்லாட்டி உங்களுக்கு எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

மைக்கை அந்தப் பையன்கிட்ட குடுத்துட்டா. அடுத்தது ஆம்பளப் பாட்டு போல. இறங்கி வர்றா சார். இங்கதான் வர்றா. பாத்துட்டா. மேடைலேருந்து பாத்தா எல்லாம் தெரியும், நானே பாத்திருக்கேன், யாரு வாய் அசையுதுன்னு கூடத் தெரியும். என் வேட்டி சரியா இருக்கா? வந்த உடனே கேப்பா. கேட்டீங்களான்னு கேப்பா. நான் சொன்னா நம்பமாட்டா, அவளுக்குத்தான் நம்பிக்கை இல்லையே. நீங்க சொல்லுங்க சார். நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. உங்களுக்கு நான் யாரு, ஒட்டா உறவா, நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க?

வா வசு, உக்காரு. கால் வலிக்கப்போகுது. ஏன் நிக்கிறே? என்னை ஏன் பாக்காம சாரைப் பாக்குறே? சரி, சாரையே கேளு. நல்ல மனுஷன், ரொம்ப நேரமா பேசிக்கிட்டிருக்கோம்.

சொல்லுங்க சார், நான் உங்க முன்னாடியே கேக்கறேன். அவ பாட்டை ஆரம்பிச்சதுலேருந்து நான் வாயத் திறந்தேனா?

ஏன் சார் தலையக் குனிஞ்சுக்கிறீங்க? சும்மா சொல்லுங்க, அவ கோவிச்சுக்க மாட்டா. நீங்க... சரி இருங்க, நீங்க வெளி ஆளு, உங்களுக்குச் சங்கடமா இருக்கும். நானே சொல்லிடறேன்.